சாங்ஷன் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்: அடமானம், நிபந்தனை, ஜாமீன்

தொழில் கடன் ஓகே ஆகிவிட்டது என்று வங்கியிலிருந்து போன் வந்ததும், பெரும்பாலானவர்கள் சாங்ஷன் லெட்டரில் மூன்று விஷயங்களைத்தான் தேடுவார்கள்: எவ்வளவு தொகை, என்ன வட்டி, மாதத் தவணை எவ்வளவு. மூன்றும் முதல் பக்கத்திலேயே கிடைத்துவிடும். தொழில் சீராக ஓடும்வரை அவை போதும். சரக்கு தேங்கி, வரவேண்டிய பணம் நின்றுபோனால் அடுத்து என்ன நடக்கும் என்பதை முடிவு செய்பவை உள்பக்கங்களில் இருக்கும் வேறு மூன்று பகுதிகள். வங்கி எந்தச் சொத்தில் கை வைக்கலாம் என்று அடமானப் பகுதி சொல்கிறது. எந்த நிலை வந்தால் கை வைக்கலாம் என்று நிபந்தனைப் பகுதி சொல்கிறது. சொத்தை விற்றும் கடன் தீராவிட்டால் மீதியை யாரிடம் வாங்குவது என்று ஜாமீன் பகுதி சொல்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் அண்ணன் தம்பி இருவர் இயக்குநர்களாக இருக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிட்டிங் கம்பெனி. நூல் வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் 60 லட்சம் ரூபாய் கேஷ் கிரெடிட், அதாவது சிசி. புது நிட்டிங் மெஷின்களுக்கு 5 வருடத்தில் கட்டி முடிக்கவேண்டிய 40 லட்சம் ரூபாய் டேர்ம் லோன். மெஷின்களும் சரக்கும் போக, அப்பா பெயரில் இருக்கும் வீட்டையும் வங்கி கேட்கிறது. அண்ணன், தம்பி, அப்பா மூவரும் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். இந்த ஊரில் சர்வ சாதாரணமான அமைப்பு இது.

எந்தச் சொத்து, எந்தக் கடனுக்கு

வங்கிக்காரர்கள் செக்யூரிட்டியை இரண்டாகப் பிரிப்பார்கள். கடன் பணத்தில் வாங்கிய பொருளே ஈடாக நிற்பது பிரைமரி. நம் உதாரணத்தில் மெஷின், நூல், துணி, பார்ட்டிகளிடமிருந்து வரவேண்டிய பில் தொகை எல்லாம் அதில் அடங்கும். அதற்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் சொத்து கொலாட்டரல். இங்கே அப்பாவின் வீடு.

மெஷினையும் சரக்கையும் ஹைப்பாத்திகேஷன் என்ற முறையில் எழுதிக்கொடுப்பீர்கள். பொருள் உங்கள் ஷெட்டிலேயே இருக்கும், ஓட்டலாம், சரக்கை வழக்கம்போல் விற்கலாம். ஆனால் வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மெஷினை விற்கவோ வேறு இடத்துக்கு மாற்றவோ கூடாது. பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுப் புது மெஷின் எடுப்பதைத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கடிதம் இல்லாமல் செய்தால், ஈடாக வைத்த பொருளை மறைத்து விற்றதாகவே அது பதிவாகும்.

வீட்டுக்கு மூலப்பத்திரத்தை ஒப்படைக்கும் முறை. தமிழ்நாட்டில் இதை எம்ஓடி போடுவது என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதும் வில்லங்கச் சான்றில் அந்த வரி ஏறிவிடும். செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் வங்கி அதைப் பதியும். கடன் வாங்குவது கம்பெனி என்பதால், கம்பெனியின் மெஷின், சரக்கு மீதான பாத்தியதையை 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடமும் பதியவேண்டும். இத்தனை இடத்தில் ஏறிய பதிவு, கடன் முடிந்த அன்று தானாக இறங்கிவிடாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அடமானப் பகுதியில் ஒரு வரியை விரல் வைத்துத் தேடவேண்டும். வீடு இந்த இரண்டு கடனுக்கு மட்டுமா, அல்லது "தற்போதுள்ள மற்றும் இனி வரக்கூடிய எல்லாக் கடன் பொறுப்புகளுக்கும்" தொடர் ஈடா? அச்சடித்த படிவங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். அதன் விளைவு 5 வருடம் கழித்துத்தான் தெரியும். டேர்ம் லோன் முழுவதும் கட்டி முடிந்தது, வீட்டுப் பத்திரத்தைக் கொடுங்கள் என்று போய் நின்றால், சிசி இன்னும் ஓடுகிறதே, வீடு அதற்கும் ஈடுதானே என்பார்கள். சிசிக்கு முடிவுத் தேதி கிடையாது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். ஆகவே வீடு தொழில் இருக்கும்வரை வங்கியிலேயே இருக்கும். மெஷின் கடனுக்காகக் கேட்ட வீடு என்றால், அந்தக் கடன் முடிந்ததும் விடுவிக்கப்படும் என்ற வாசகத்தை சாங்ஷன் லெட்டரிலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. மறுத்தால், கடன் நிலுவை இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஈட்டை மறுபரிசீலனை செய்வோம் என்றாவது எழுதி வாங்கலாம்.

வீடே தேவையா என்ற கேள்வியையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சிறு, குறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குக் கொலாட்டரல் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல் போனால் சிஜிடிஎம்எஸ்இ என்ற கேரண்டி டிரஸ்ட் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி ரூபாய். நம் ஒரு கோடி அதற்குள் தாராளமாக அடங்கும். ஆண்டுக் கட்டணம் உண்டு, அது பெரும்பாலும் கடன் வாங்குபவர் தலையில்தான் வரும். வீட்டைக் கொடுப்பதா, கட்டணத்தைக் கட்டுவதா என்று கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். இதில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: கடன் நின்றுபோனால் டிரஸ்ட் கட்டிவிடும், நமக்குப் பொறுப்பில்லை என்று. டிரஸ்ட் ஈடுகட்டுவது வங்கியின் நஷ்டத்தை. உங்கள் பாக்கி அப்படியேதான் இருக்கும், வங்கி தொடர்ந்து வசூலிக்கும். இந்தத் திட்டத்தில் வெளியாள் ஜாமீன் வாங்கக்கூடாதே தவிர, இயக்குநர்களின் ஜாமீனை வாங்கிக்கொள்வார்கள்.

நிபந்தனைகள்: தவணை தவறாமலே தவறிப்போவது

தவணை கட்டினால் போதும், மற்றதெல்லாம் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள்தான் இந்தப் பகுதியில் அடிபடுகிறார்கள். சிசி கணக்கில் இது எப்படி நடக்கிறது என்பதை எண்களோடு பார்த்துவிடுவது நல்லது.

60 லட்சம் லிமிட் என்றால் எப்போதும் 60 லட்சம் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. மாதாமாதம் நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்து வங்கி டிராயிங் பவர் போடும். லிமிட், டிராயிங் பவர் இரண்டில் எது குறைவோ அதுவரைதான் எடுக்கலாம். நம் கம்பெனியின் சாங்ஷன் லெட்டரில் சரக்குக்கு 25 சதவீத மார்ஜின், வரவேண்டிய பில்லுக்கு 40 சதவீத மார்ஜின், 90 நாளைத் தாண்டிய பில் கணக்கில் சேராது என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஜனவரியில் கையிருப்புச் சரக்கு 55 லட்சம். அதில் நூல் மில்லுக்கு இன்னும் கொடுக்காத பாக்கி 10 லட்சம். பணம் கொடுக்காத சரக்கு உங்கள் சரக்கு இல்லை என்பது வங்கியின் கணக்கு. அதைக் கழித்தால் 45 லட்சம். 25 சதவீதம் போக 33.75 லட்சம். வரவேண்டிய பில் 50 லட்சம், எல்லாம் 90 நாளுக்குள். 40 சதவீதம் போக 30 லட்சம். இரண்டும் சேர்ந்து 63.75 லட்சம். லிமிட்டைவிட அதிகம், ஆகவே 60 லட்சம்வரை எடுக்கலாம். கணக்கில் 57 லட்சம் எடுத்தாகிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு பெரிய பார்ட்டி பேமென்ட்டை இழுத்தடிக்கிறார். அவர் தரவேண்டிய 25 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. இப்போது கணக்கில் சேரும் பில் 25 லட்சம்தான், மார்ஜின் போக 15 லட்சம். டிராயிங் பவர் 48.75 லட்சமாக இறங்கிவிட்டது. கணக்கில் நிற்பதோ 57 லட்சம். ஒரு ரூபாய்கூட புதிதாக எடுக்காமலேயே 8.25 லட்சம் வரம்பு மீறிவிட்டீர்கள்.

அந்த 8.25 லட்சத்துக்கு அபராதக் கட்டணம் விழும். 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களுக்கு இதை வட்டியோடு சேர்த்து அபராத வட்டியாகப் போடக்கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போடவேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால்கூட மாதம் 1,375 ரூபாய்தான். அதுவல்ல ஆபத்து. கணக்கு தொடர்ந்து 90 நாள் டிராயிங் பவருக்கு மேலேயே நின்றால் அது வாராக்கடன், அதாவது என்பிஏ. வகைப்படுத்துவது கணக்கு வாரியாக அல்ல, கடனாளி வாரியாக. ஆகவே ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிவந்த மெஷின் லோனும் சேர்ந்தே என்பிஏ ஆகும்.

ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைக் கொடுக்காமல் விட்டால் இன்னும் மோசம். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்துப் போட்ட டிராயிங் பவரில் ஓடும் கணக்கை ஒழுங்கற்றதாகவே கருதவேண்டும் என்பது விதி. பழைய பில்லைப் புதுத் தேதியில் காட்டிச் சமாளிப்பதும் உண்டு. வங்கி அனுப்பும் ஸ்டாக் ஆடிட்டர் ஜிஎஸ்டி ரிட்டர்னோடு ஒப்பிட்ட அன்றே அது வெளிவந்துவிடும். அதன்பிறகு சாதாரண நிலுவைப் பிரச்சினையாக இருந்தது, பொய்யான கணக்குக் கொடுத்த குற்றச்சாட்டாக மாறும். மார்ஜினும் 90 நாள் கெடுவும் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் பேசவேண்டியவை. உங்கள் பார்ட்டிகள் வழக்கமாக 100, 110 நாளில்தான் பணம் கொடுப்பார்கள் என்றால், கெடுவை 120 நாளாக வைக்கச் சொல்லி, கடந்த ஒரு வருட பில் வாரியான பட்டியலோடு கேளுங்கள். வட்டியில் கால் சதவீதம் குறைக்கப் பேரம் பேசுவதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

மற்ற நிபந்தனைகளில் இரண்டு மூன்றை மட்டும் சொல்லவேண்டும். ஒன்று, பணத்தை எதற்கு வாங்கினீர்களோ அதற்கே செலவழிக்கவேண்டும். சிசி பணத்தில் பக்கத்து இடத்தை வாங்கிப் போடுவது நம் ஊரில் சகஜம். குறுகிய கால நடைமுறை மூலதனத்தை நீண்டகாலச் சொத்தில் போடுவது, ரிசர்வ் வங்கியின் கண்ணோட்டத்தில் நிதியைத் திசைதிருப்புவது. பின்னால் கடன் நின்று, பாக்கி 25 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வேண்டுமென்றே கட்டாதவர் என்ற பட்டியலில் சேர்க்க அது ஒரு காரணமாக நிற்கும். அந்தப் பட்டியலில் ஏறியவருக்கு வேறு எந்த வங்கியும் கடன் தராது.

இரண்டாவது, குடும்பத்தார் போட்ட பணம். பேலன்ஸ் ஷீட்டில் அப்பா, மனைவி, மாமனார் பெயரில் 20 லட்சம் கைமாற்றுக் கடன் இருந்தால், வங்கிக் கடன் இருக்கும்வரை அதைத் திருப்பித் தரக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். வங்கி அதைக் கிட்டத்தட்ட முதலீடாகவே கணக்கில் எடுத்திருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு அந்தப் பணம் தேவைப்படும் என்று முன்பே தெரிந்தால், அந்தத் தொகையை அந்த நிபந்தனையிலிருந்து விலக்கச் சொல்லி இப்போதே கேட்கவேண்டும்.

மூன்றாவது, விகித நிபந்தனைகள். டிஎஸ்சிஆர் 1.25-க்குக் குறையக்கூடாது என்று இருந்தால், ஆண்டுக்குக் கட்டவேண்டிய அசலும் வட்டியும் போல ஒன்றேகால் மடங்கு வருமானம் இருக்கவேண்டும் என்று பொருள். நம் 40 லட்சம் லோன் 10 சதவீத வட்டியில் ஆண்டுக்குச் சுமார் 10.2 லட்சம் கட்டச் சொல்லும். தேய்மானத்தையும் இந்த லோன் வட்டியையும் திரும்பக் கூட்டியபின் லாபம் 12.75 லட்சமாவது இருக்கவேண்டும். லோன் வாங்க ஆடிட்டர் தயாரித்த புராஜெக்ட் ரிப்போர்ட்டில் விற்பனையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருந்தால், அந்த எண்களிலிருந்துதான் இந்த நிபந்தனை பிறந்திருக்கும். அனுமதி வாங்க உதவிய அதே எண்கள் அடுத்த வருடம் உங்கள் மீறலாக வந்து நிற்கும். தவறினால் என்ன விளைவு என்பதையும் பாருங்கள்: கட்டணம் மட்டுமா, வட்டி ஏறுமா, அல்லது முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கும் உரிமை வருமா? சரிசெய்ய அவகாசம் உண்டா? 30 நாளோ 60 நாளோ அவகாசம் எழுத்தில் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம்.

ஜாமீன்: லிமிடெட் என்ற சொல் கரையும் இடம்

பிரைவேட் லிமிடெட் ஆரம்பிப்பதன் முக்கியக் காரணமே, கம்பெனியின் கடன் சொந்தச் சொத்தைத் தொடக்கூடாது என்பதுதான். இயக்குநர்கள் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்ட நிமிடம், அந்தக் கடனைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

கடனாளியைத் துரத்தி முடித்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படி இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. முதலில் கடனாளியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டு வா என்று வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது என உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. மூன்று பேர் ஜாமீன் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பதும் அவர்களுக்குள் உள்ள கணக்கு. வங்கி முழுத் தொகையையும் யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடமே கேட்கலாம். கட்டியவர் மற்ற இருவர்மேல் வழக்குப் போட்டு அவரவர் பங்கை வாங்கிக்கொள்ளவேண்டியதுதான்.

அப்பாவின் நிலையைக் கவனியுங்கள். அவர் கம்பெனியில் இயக்குநர் இல்லை. வீட்டை ஈடாகக் கொடுக்கிறார். கூடவே ஜாமீன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுகிறார். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. வீட்டை அடமானம் மட்டும் வைத்தால், அதிகபட்சம் வீடு போகும். அதற்கு மேல் அவர் ஓய்வூதியச் சேமிப்பையோ ஊரில் உள்ள தோட்டத்தையோ தேட வங்கிக்கு உரிமை வராது. வரம்பில்லாத ஜாமீன் கையெழுத்தும் போட்டுவிட்டால், வீடு விற்று வந்தது போக மீதிக்கு அவரது மற்ற எல்லாச் சொத்தும் பொறுப்பாகும். ஆகவே அவர் சார்பில் கேட்கவேண்டியது இதுதான்: அடமானம் தருகிறோம், ஜாமீன் வேண்டாம்; அல்லது ஜாமீனின் வரம்பு இந்த வீட்டை விற்று வரும் தொகை மட்டும் என்று பத்திரத்தில் எழுதுங்கள். வங்கிகள் இதை எப்போதும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் கேட்டால் ஒப்புக்கொள்ளும் மேலாளர்கள் உண்டு. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

வரம்பு எழுதும்போது வாசகத்தில் கவனம் தேவை. "40 லட்சம் ரூபாய் வரை" என்று எழுதி, பக்கத்திலேயே "மேலும் அதன் மீதான வட்டி, கட்டணம், செலவுகளும்" என்று சேர்ந்திருந்தால் அது 40 லட்சத்தில் நிற்காது. எல்லாம் சேர்த்து 40 லட்சத்துக்கு மேல் போகாது என்று இருக்கவேண்டும்.

ஒப்பந்தச் சட்டம் ஜாமீன்தாரருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. அவர் சம்மதமில்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்திய பரிவர்த்தனைகளுக்கு அவர் பொறுப்பில்லை என்பது 133-வது பிரிவு. வங்கி தன் கையிலிருந்த ஈட்டைத் தொலைத்தாலோ விட்டுக்கொடுத்தாலோ அந்த மதிப்புக்கு அவர் பொறுப்பு குறையும் என்பது 141-வது பிரிவு. அச்சடித்த ஜாமீன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு பத்தி நிச்சயம் இருக்கும். கையெழுத்துப் போட்டபின் லிமிட் 60 லட்சத்திலிருந்து 90 லட்சமாக ஏறினால் அப்பாவுக்குத் தெரியாமலேயே அவர் பொறுப்பும் ஏறலாம். லிமிட் ஏறும்போது ஜாமீன்தாரரின் புதுக் கையெழுத்து இல்லாமல் அவர் பொறுப்பு ஏறாது என்ற ஒரு வரியைச் சேர்க்க முடிந்தால் அந்தப் பத்தியின் பாதி விஷம் இறங்கிவிடும்.

கம்பெனியை விட்டுப் போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. தம்பி மூன்று வருடம் கழித்துப் பங்கை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு விலகுகிறார். இயக்குநர் ராஜினாமா கம்பெனிப் பதிவாளரிடம் ஏறிவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்து வேறு தொழில் தொடங்குகிறார். ஜாமீன் அப்படியே நிற்கிறது; பதவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஜாமீன்தாரர் என்ற வரி இருந்துகொண்டே இருக்கும். வீட்டுக் கடன் கேட்கும் இடத்தில் அதைக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். விலகும்போதே வங்கிக்கு எழுதி, மாற்று ஜாமீன் கொடுத்து, உங்களை விடுவித்தோம் என்ற கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் பங்கு மாற்றத்தில் கையெழுத்துப் போடவேண்டும். பங்கை மாற்றிவிட்டால், அண்ணனுக்கு அவசரம் இருக்காது, வங்கிக்கும் இருக்காது.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய், அங்கே பாக்கியில் பாதியைத் தள்ளுபடி செய்து தீர்வுத் திட்டம் ஒப்புதலானாலும், ஜாமீன்தாரர் அதனால் மட்டுமே தப்பிவிடமாட்டார். உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் லலித்குமார் ஜெயின் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்மீதே திவால் மனு போடவும் வங்கிக்கு வழி இருக்கிறது.

நின்றுபோனால் என்ன வரிசையில் நடக்கும்

நம் கம்பெனிக்கே திரும்புவோம். இரண்டு வருடம் கழித்துப் பெரிய பார்ட்டி பணம் தராமல் போய்விட்டார். சிசியில் 57 லட்சம், மெஷின் லோனில் சுமார் 26 லட்சம் நிலுவை. 90 நாள் தாண்டிக் கணக்கு என்பிஏ ஆனது. 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் கெடுவோடு நோட்டீஸ் வருகிறது. கம்பெனிக்கு மட்டுமல்ல, வீட்டை ஈடு வைத்த அப்பாவுக்கும் ஜாமீன்தாரர்களுக்கும் வரும்; அந்தச் சட்டத்தில் கடனாளி என்ற சொல்லில் இவர்கள் எல்லோரும் அடக்கம்.

இந்த நோட்டீஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அந்த 60 நாள்தான் பயனுள்ள காலம். தொகை தவறு, டிராயிங் பவர் கணக்குத் தவறு, கட்டியது வரவு வைக்கப்படவில்லை என்று ஆட்சேபணை எழுதினால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாகவேண்டும். கெடு முடிந்தபின் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நோட்டீஸை ஒட்டுவார்கள். அதிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். திருப்பூர்க்காரர்கள் இதற்குக் கோயம்புத்தூர் டிஆர்டிக்குப் போகிறார்கள். முழுப் பாக்கியையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான். 2016-ல் வந்த திருத்தம் இது. அறிவிப்பு வந்தபிறகு ஏல நாள்வரை நேரம் இருக்கிறது என்று நினைத்து வீட்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

விற்பனையெல்லாம் முடியும்போது வட்டியும் செலவும் ஏறிப் பாக்கி 95 லட்சம் ஆகியிருக்கும் என்று வைப்போம். பழைய மெஷின்கள் 14 லட்சம். மிச்சச் சரக்கும் வசூலான பில்லும் 12 லட்சம். மதிப்பீட்டாளர் 65 லட்சம் போட்ட வீடு ஏலத்தில் 45 லட்சத்துக்குப் போனது. மொத்தம் 71 லட்சம். மீதி 24 லட்சத்துக்கு வங்கி டிஆர்டியில் மூன்று ஜாமீன்தாரர்மீதும் மனுப் போடும். அப்பாவின் ஜாமீன் வீட்டோடு நிற்கும்படி எழுதியிருந்தால் அந்த மனுவில் அவர் இருக்கமாட்டார். வரம்பில்லாமல் எழுதியிருந்தால், மூவரில் எளிதில் பணமாகும் சொத்து அவரிடம் இருக்கும்பட்சத்தில் முதல் ஆளே அவர்தான்.

கையெழுத்து நாளும் கடன் முடிந்த நாளும்

சாங்ஷன் லெட்டர் வந்ததற்கும் அதன் நகலில் சம்மதக் கையெழுத்துப் போட்டுத் தருவதற்கும் இடையில்தான் பேசமுடியும். பிராசஸிங் கட்டணம் கட்டி, மெஷினுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் பேரத்துக்கு இடமே இல்லை. மேலாளர் வாயால் சொன்னது எதுவும் அடுத்த மேலாளரைக் கட்டுப்படுத்தாது. ஒப்புக்கொண்ட மாற்றங்கள் திருத்திய சாங்ஷன் லெட்டராக வரவேண்டும்.

டாக்குமெண்ட் போடும் நாளில் பென்சிலால் டிக் அடித்த இடங்களில் வரிசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். தொகை, தேதி, சொத்து விவரம் உள்ள கட்டங்கள் காலியாக இருந்தால் நிரப்பிய பிறகே போடுங்கள். அப்பா படிக்க முடியாத மொழியில் பத்திரம் இருந்தால், ஜாமீன் வரம்பு எழுதிய பக்கத்தையாவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எல்லா இணைப்புகளோடும் ஒப்பந்த நகல் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி, கேட்டு வாங்குங்கள். ஜாமீன்தாரர்களுக்கும் தனி நகல் இருக்கட்டும். ஆண்டுப் புதுப்பித்தலின்போது வரும் கடிதத்தையும் முந்தைய வருடத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புது நிபந்தனைகள் நுழைவது பெரும்பாலும் அங்கேதான்.

கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழோடு திரும்பிவிடக்கூடாது. மூலப்பத்திரத்தைப் பட்டியலோடு சரிபார்த்து வாங்கவேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ரசீதைப் பதிந்து, புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து எம்ஓடி நீங்கியதா என்று பார்க்கவேண்டும். செர்சாய் பதிவை வங்கி முடித்துவைக்கவேண்டும். கம்பெனி என்றால், பாத்தியதை தீர்ந்ததைச் சொல்லும் சிஎச்ஜி-4 படிவம் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலாகவேண்டும். ஜாமீன் நின்ற ஒவ்வொருவர் பெயரிலும் விடுவிப்புக் கடிதம் வாங்கவேண்டும். வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்களில் பத்திரத்தை 30 நாளுக்குள் தராவிட்டால் வங்கி தன் தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை தரவேண்டும் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை தனிநபர் கடனுக்கானது. கம்பெனியின் தொழில் கடனில் அதை நம்பியிருக்க முடியாது. ஆகவே கடன் முடிந்த எத்தனை நாளுக்குள் பத்திரம் திரும்பும் என்பதையும் முதல் நாளே சாங்ஷன் லெட்டரில் எழுதச் சொல்லுங்கள்.